நடுவில் இருந்த .bank.in: மெயில் லிங்க்கில் வந்த போலி நெட்பேங்கிங் பக்கம்

கீழமாசி வீதியில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் என் மாமாவின் கணக்கிலிருந்து ரூ. 1,40,000 போய்விட்டது. மெயிலில் வந்த லிங்க்கைத் தொட்டு, திறந்த பக்கத்தில் பாஸ்வேர்டு போட்டார். அதே மாதிரி மெயில் நம் ஊர் வியாபாரிகள் இன்னும் சிலருக்கும் வந்திருக்கிறது என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

"பான் விவரம் புதுப்பிக்கப்படவில்லை, இன்று இரவோடு நெட்பேங்கிங் முடக்கப்படும்" என்றது மெயில். லோடு இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில் போனிலேயே திறந்திருக்கிறார். வங்கியின் சின்னம், நிறம், கீழே இருக்கும் எச்சரிக்கை வாசகம் வரை அச்சு அசல். "அட்ரஸ்ல நம்ம பேங்க் பேரு இருந்துச்சே மாப்ளே, .bank.in-னும் போட்டிருந்துச்சே" என்று இன்னும் சொல்கிறார். இருந்தது உண்மைதான். இடம்தான் தப்பு. பெயர்களை மட்டும் மாற்றி, இரண்டு முகவரிகளையும் தருகிறேன். முதலாவது அசல், அடுத்தது மெயிலில் வந்தது:

```
https://netbanking.abc.bank.in/login
https://netbanking.abc.bank.in.kyc-verify.example/login
```

`https://` முடிந்ததும் வரும் முதல் சாய்கோடு வரை உள்ளதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதை வலது கோடியிலிருந்து இடப்பக்கமாகப் படியுங்கள். முதலாவது `abc.bank.in` என்று முடிகிறது, அதனால் வங்கியுடையது. இரண்டாவது `kyc-verify.example` என்று முடிகிறது. அந்தப் பெயரைப் பதிவு செய்தவன் அதற்கு இடப்பக்கம் எதை வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. இந்திய வங்கிகள் 2025 அக்டோபர் 31-க்குள் .bank.in முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருந்தது. வங்கி அல்லாதவர்களுக்கு .bank.in என்று முடியும் முகவரி கிடைக்காது. ஆனால் அது கடைசியில் இருந்தால்தான் அர்த்தம், நடுவில் இருந்தால் வெறும் எழுத்து. போனில் நீளமான முகவரி முழுசாகத் தெரியாது. முகவரிப் பட்டையைத் தொட்டு, கடைசி வரை நகர்த்திப் பார்க்க வேண்டும்.

பூட்டுச் சின்னத்தை நம்பாதீர்கள். உங்கள் போனுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதற்குமேல் அது எதுவும் சொல்லவில்லை. அந்தத் தளமே திருடனுடையது என்றால்? அதற்கான சான்றிதழ் திருடனுக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. குரோம் 2023-லேயே முகவரிப் பட்டையிலிருந்து பூட்டை எடுத்துவிட்டது.

"முதலில் தப்பான பாஸ்வேர்டு போட்டுப் பார், ஏற்றுக்கொண்டால் போலி" என்று ஒரு யோசனை சுற்றுகிறது. அதுவும் உதவாது. நாம் தட்டுவதை அந்த நொடியே அசல் தளத்தில் போட்டுப் பார்க்கும் போலிப் பக்கங்கள் இருக்கின்றன. தப்பானதைப் போட்டால் அதுவும் "தவறு" என்றுதான் காட்டும்.

ஓ.டி.பி. காப்பாற்றாததும் இதனால்தான். மாமாவுக்கு வந்த எஸ்.எம்.எஸ்.ஸை அன்று மாலை வாங்கிப் பார்த்தேன். புதிய பணம்பெறுநரைச் சேர்ப்பதற்கான ஓ.டி.பி. என்று அதில் ஆங்கிலத்தில் தெளிவாக இருக்கிறது. போலிப் பக்கமோ "பான் உறுதிப்படுத்த ஓ.டி.பி.யைப் போடவும்" என்று கேட்டிருக்கிறது. அவர் கண்ணில் பட்டது ஆறு இலக்கம் மட்டும். எண்ணைப் பார்க்கும் முன் அது எதற்கு வந்தது என்ற வரியைப் படியுங்கள், ஆங்கிலம் தெரியாவிட்டால் பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள். பணம் அனுப்புவதற்கும் இன்னொரு ஓ.டி.பி. வந்தது, "முதல் எண் தவறு, மீண்டும் போடவும்" என்று சொல்லி அதையும் வாங்கிக்கொண்டார்கள்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் மாமா மகள் பாஸ்வேர்டைச் சேமித்து வைத்திருக்கிறாள். அங்கே அதே லிங்க்கைத் திறந்து பார்த்தோம், கட்டம் காலியாகவே நின்றது. சேமித்த பாஸ்வேர்டு முகவரியோடு கட்டப்பட்டிருக்கிறது, முகவரி வேறானால் அது தானாக நிரப்பாது. வழக்கமாக நிரம்பும் கட்டம் நிரம்பவில்லை என்றால் கையால் தட்டாதீர்கள், அங்கேயே நிறுத்துங்கள்.

வங்கிக் கிளையில் "நீங்களே கொடுத்திருக்கிறீர்கள், நாங்கள் என்ன செய்ய" என்று திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். அங்கே விடாமல் எழுத்துப் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். 2017-ல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, பாஸ்வேர்டை நாமே கொடுத்திருந்தால் வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஏற்படும் நஷ்டம் நம்முடையது, தெரிவித்த பிறகு போவது வங்கியின் பொறுப்பு. அதனால் புகாரில் நேரம் இருக்க வேண்டும்.

கிளைக்கு ஓடுவதற்கு முன்பே 1930-க்கு அழையுங்கள், `cybercrime.gov.in`-லும் பதியலாம். பணம் அடுத்த கணக்கிலிருந்து வெளியேறாமல் இருந்தால் நிறுத்திவைக்க முடியும். மாமா அழைத்தபோது இரவாகிவிட்டது. ரூ. 22,000 மட்டும் முடக்கப்பட்டிருக்கிறது. அது இன்னும் கைக்கு வரவில்லை.