பதினெட்டாயிரம் போனது: மறுஎழுத்துக்கு ஆள் தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் 'போகட்டும்' என்று விட்டுவிடுவேன், அடுத்த ஆள் போய் மாட்டுவார்.

மருத்துவ வரலாற்றில் நடந்த சோதனைகளைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதியிருந்தேன். தகவல்கள் சரி, நடைதான் மரக்கட்டை. பள்ளிப் பிள்ளைகள் படிக்கும்படி வாக்கியங்களை அடியோடு மாற்ற வேண்டும், ஆனால் சொன்ன விஷயம் ஒரு துளியும் மாறக்கூடாது. எழுத்து வேலைக்கு ஆள் பிடித்துத் தரும் இணையத் தளம் ஒன்றில் இதற்கென்றே ஒரு குழு இருந்தது. பெயர் வேண்டாம். இந்த மாதிரிக் குழுக்கள் நிறைய இருக்கின்றன.

நான் விழுந்த இடம் எது தெரியுமா? மாதிரிக்கு ஒரு பத்தியை மாற்றி அனுப்பினார்கள். அருமையாக இருந்தது. அதோடு ஒரு சரிபார்ப்புப் பட்டியலும் வந்தது. எண்கள், பெயர்கள், ஆண்டுகள், பொருள் என்று நான்கு வரி, ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரு டிக். "ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் இதைச் செய்துதான் தருவோம் சார்" என்றார் பேசியவர். வேலை தெரிந்தவர்கள் என்று நினைத்துப் பதினெட்டாயிரத்தையும் முன்பணமாகவே அனுப்பினேன்.

வந்த பிரதியிலிருந்து ஒரே ஒரு இடத்தைக் காட்டுகிறேன். ஈறு வீங்கி ரத்தம் கசியும், அந்தக் கால மாலுமிகளை வாட்டிய ஸ்கர்வி நோய் பற்றிய அத்தியாயத்தில், கப்பல் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் செய்த சோதனையைப் பற்றி நான் எழுதியிருந்தது இது:

"1747இல் சாலிஸ்பரி கப்பலில் ஜேம்ஸ் லிண்ட், ஸ்கர்வி கண்ட 12 மாலுமிகளை 6 ஜோடிகளாகப் பிரித்தார். ஒரு ஜோடிக்கு மட்டும் ஆளுக்கு நாள்தோறும் 2 ஆரஞ்சும் 1 எலுமிச்சையும் கொடுக்கப்பட்டன. 6 நாளில் பழம் தீர்ந்துவிட்டது. அதற்குள் ஒருவர் வேலைக்குத் திரும்பும் அளவுக்குத் தேறியிருந்தார். மற்றவரும் ஓரளவு தேறி, மீதி நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் பணியில் அமர்த்தப்பட்டார்."

அவர்கள் தந்தது:

"1747இல் ஜேம்ஸ் லிண்ட் கப்பலில் 12 மாலுமிகளை 6 பேர் கொண்ட 2 குழுக்களாகப் பிரித்தார். 1 குழுவுக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்தார். 6 நாளில் அவர்கள் அனைவரும் நோயை வென்று எழுந்தனர்!"

படிக்க எவ்வளவு சுகமாக இருக்கிறது பாருங்கள். பழம் சாப்பிட்ட இரண்டு பேர் ஆறு பேராகிவிட்டார்கள். ஒருவர் வேலைக்குத் திரும்பும் அளவுக்குத் தேறினார், மற்றவர் ஓரளவு தேறினார் என்பது 'அனைவரும்' ஆகிவிட்டது. கப்பலின் பெயரைக் காணோம். பழம் தீர்ந்ததால்தான் பழம் கொடுப்பது ஆறு நாளில் நின்றது என்பதையும் காணோம். ஆறு நாள் என்பது ஏதோ குணமாவதற்கான கெடு மாதிரி ஆகிவிட்டது.

இதைச் சுட்டிக்காட்டியபோது வந்த பதிலில்தான் எனக்கு ரத்தம் கொதித்தது. "எல்லா எண்களும் அப்படியே இருக்கே சார், தேடிப் பாருங்க." தேடிப் பார்த்தேன். உண்மைதான்! 1747, 12, 6, 2, 1, 6. ஒரு எண் கூடவுமில்லை, குறையவுமில்லை, வரிசைகூட மாறவில்லை. டிக் போட்டது பொய்யே இல்லை. எண் இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார்கள், எதனுடைய எண் என்று பார்க்கவில்லை. 2 என்பது என் பிரதியில் ஆரஞ்சு, அவர்கள் பிரதியில் குழு. இதற்குப் பெயர் சரிபார்ப்பு!

அதே அத்தியாயத்தின் கடைசியில் இன்னொன்று. லிண்டின் நூல் 1753இல் வந்தது. பிரிட்டிஷ் கடற்படை மாலுமிகளுக்கு எலுமிச்சைச் சாறு கொடுக்க முடிவெடுத்தது 1795இல். அதற்காக வாதாடியவர்களில் முக்கியமானவர் மருத்துவர் கில்பர்ட் பிளேன். இதை மூன்று வாக்கியமாக எழுதியிருந்தேன். மூன்றையும் ஒன்றாக்கி, பிளேனை வெட்டிவிட்டு, "1753இல் நூல் வெளியிட்ட அவர், விடாமுயற்சியால் 1795இல் கடற்படையை இணங்க வைத்தார்" என்று முடித்திருக்கிறார்கள். லிண்ட் இறந்தது 1794இல். இறந்தவர் எப்படி இணங்க வைப்பார்? இதிலும் ஆண்டுகள் இரண்டும் சரி, 'ஆண்டுகள்' வரிக்கு நேரே டிக்.

போதாக்குறைக்குச் சேர்த்தும் கொடுத்திருக்கிறார்கள். "வைட்டமின் சி குறைவே காரணம் என்று லிண்ட் கண்டுபிடித்தார்" என்று ஒரு வரி. நான் எழுதவே இல்லை. வைட்டமின் என்ற பெயரே 1912இல்தான் வந்தது. லிண்டோ கடலின் ஈரக்காற்று, வியர்வை வெளியேறாமல் தடைபடுவது என்றெல்லாம் காரணம் யோசித்துக்கொண்டிருந்தவர். பழம் வேலை செய்தது என்று அவர் பார்த்தார், ஏன் என்று தெரியாது. அந்த அத்தியாயத்தின் சுவாரசியமே அதுதான், அதைத் தூக்கிப்போட்டுவிட்டார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். முதலில், "நடை மாறும்போது சின்னச் சின்ன வித்தியாசம் வரத்தான் செய்யும் சார்." அப்புறம் வேறொருவர் வந்து, "உள்ளடக்கத்துக்கு எழுத்தாளர்தான் பொறுப்பு, நாங்கள் நடைக்கு மட்டும்." அப்படியென்றால் 'பொருள்' என்ற வரிக்கு நேரே டிக் போட்டது யார் என்று கேட்டேன். பதில் இல்லை. தளத்திடம் முறையிட்டால், கோப்பைப் பெற்றுக்கொண்டதால் வேலை முடிந்ததாகக் கணக்காம். பதினெட்டாயிரம் அங்கேயே நிற்கிறது. நட்சத்திர மதிப்பீடு கொடுக்கச் சொல்லி மட்டும் செய்தி தவறாமல் வருகிறது.

விரிவாக ஒரு பட்டியல் போடலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. அவசரத்துக்கு இவை.

கொடுப்பதற்கு முன் உங்கள் தகவல்களைத் தனியாக எழுதி வையுங்கள். வெறும் எண்ணாக வேண்டாம், முழுக் கூற்றாக எழுதுங்கள். '2' என்று எழுதினால் பயனில்லை. 'பழம் கிடைத்தவர்கள் 2 பேர்', 'வேலைக்குத் திரும்பும் அளவுக்குத் தேறியவர் 1' என்று இருக்க வேண்டும். பெயரென்றால் அவர் செய்த காரியத்தோடு சேர்த்து.

வாக்கியங்களை இணைத்திருக்கும் இடங்களில் எல்லாம் 'அவர்', 'அது', 'இதனால்' மேல் விரலை வைத்து, யார், எது, எதனால் என்று கேளுங்கள். லிண்டும் பிளேனும் ஒன்றானது அப்படித்தான்.

'மட்டும்', 'சுமார்', 'குறைந்தது', 'ஓரளவு', 'இருக்கலாம்', 'என்று கருதினார்' ஆகியவற்றை மூலத்தில் வட்டம் போட்டு, புதிய பிரதியில் தேடுங்கள். நடையை மெருகேற்றுகிறேன் என்று கிளம்புகிறவர்கள் முதலில் களைவது இவற்றைத்தான்.

இரண்டு திசையிலும் பாருங்கள். மூலத்திலிருந்து புதியதற்குப் போனால் விட்டுப்போனது தெரியும். புதியதை வரிவரியாக எடுத்து, 'இது மூலத்தில் எங்கே?' என்று திரும்பி வந்தால்தான் சேர்த்தது தெரியும். வைட்டமின் வரி மாட்டியது இரண்டாவதில்.

மாதிரிப் பத்தியை அவர்களைத் தேர்ந்தெடுக்க விடாதீர்கள். எண்ணும் பெயரும் நெருக்கியடிக்கும் பத்தியாக நீங்களே பார்த்துக் கொடுங்கள். ஒரு அத்தியாயம் வந்து, அதைச் சரிபார்த்து முடிக்கும்வரை மீதிப் பணத்தை அனுப்பாதீர்கள். டிக் போட்ட பட்டியல் அனுப்பினால், ஒவ்வொரு டிக்குக்கும் எதை எதோடு ஒப்பிட்டார்கள் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். என்னிடம் அதைத்தான் கடைசிவரை தரவில்லை.