படுக்கையில் இருக்கும் அப்பாவுக்கு ஆள் வைத்துப் பார்த்த அனுபவம்

பக்கவாதம் வந்ததிலிருந்து அப்பா படுத்த படுக்கைதான். வலது கையும் காலும் வேலை செய்யாது. சில வருடங்களாக வீட்டிலேயே வைத்துப் பார்க்கிறோம். ஏஜென்சிகள் மூலமாக நிறையப் பேர் வந்து போயிருக்கிறார்கள்.

போனில் எல்லாரையும் "நர்ஸ்" என்றுதான் சொல்வார்கள். யூரின் டியூப் மாற்ற, புண்ணுக்கு டிரெஸ்ஸிங் செய்ய, ஊசி போட நர்ஸ் வேண்டும். அவர்களிடம் பதிவுச் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். குளிப்பாட்ட, டயப்பர் மாற்ற, சாப்பாடு ஊட்ட அட்டெண்டர் போதும். நாங்கள் அட்டெண்டரை முழுநேரமும், நர்ஸைத் தேவைப்படும்போது மட்டும் வைத்திருக்கிறோம்.

புது ஆள் வந்தால் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: அப்பாவை ஒருக்களித்துப் படுக்க வைக்கச் சொல்வேன். வேலை தெரிந்தவர் முதலில் அவரிடம் சொல்லிவிட்டு, முழங்காலை மடக்கி, தோளிலும் இடுப்பிலும் கை கொடுத்துத் திருப்புவார். "நல்ல அனுபவம்" என்று சொல்லி அனுப்பப்பட்ட ஒருவர், செயலிழந்த கையைப் பிடித்து இழுத்தார். அந்தப் பக்கம் தசைக்குப் பலம் கிடையாது. இழுத்தால் தோள்மூட்டு இறங்கிவிடும். அப்படித்தான் ஆனது. சட்டை மாற்றும்போதெல்லாம் அப்பா கத்தினார். பிசியோதெரபிஸ்ட் வந்து தோள் எலும்புக்குக் கீழே விரலை வைத்து, ஒரு விரல் நுழையும் இடைவெளி இருப்பதைக் காட்டினார்.

எங்களுக்குக் கிடைத்ததிலேயே நல்லவர் இந்த பிசியோதான். கை காலை மடக்கி நீட்டுவதை அட்டெண்டரைச் செய்ய வைத்துப் பக்கத்தில் நின்று திருத்துவார். அவர் இருப்பது கொஞ்ச நேரம். மீதி நேரம் மூட்டு இறுகாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது அட்டெண்டர்தானே. சொல்லிக்கொடுக்காமல் தானே செய்துவிட்டுப் போகிறவரை இனி வைக்க மாட்டேன்.

பெரிய போராட்டம் படுக்கைப்புண்ணோடுதான். ஏர் பெட் போட்டாலும் திருப்பிப் போடாமல் இருக்க முடியாது. எங்களுக்குச் சொல்லப்பட்டது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. நேரத்தையும் எந்தப் பக்கம் என்பதையும் எழுத நோட்டு வைத்தோம். ராத்திரி ஷிஃப்டில் ஒருவர் எல்லாவற்றையும் விடியற்காலையில் ஒரே மூச்சில் எழுதி வைத்திருந்தார். நோட்டில் இடப்பக்கம் என்று இருக்கும், தலையணையோ ராத்திரி நான் வைத்த இடத்திலேயே இருக்கும்.

அதிலிருந்து ஷிஃப்ட் மாறும்போது இரண்டு பேரும் சேர்ந்து அப்பாவின் முதுகின் அடிப்பகுதி, இடுப்பு எலும்பு, குதிகால் மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்று வைத்துவிட்டோம். சிவந்த இடத்தை விரலால் அழுத்தினால் வெளுத்துத் திரும்பச் சிவக்க வேண்டும். வெளுக்காவிட்டால் புண் ஆரம்பித்துவிட்டது. கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. சுற்றியிருக்கும் இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். அந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது. எண்ணெய் போட்டுத் தேய்க்கிறவர்களைப் பலமுறை தடுத்திருக்கிறேன். பாரம் படாமல் படுக்க வைத்துவிட்டு நர்ஸைக் கூப்பிடுகிறோம். போன தடவை குதிகாலில் இப்படிப் பார்த்ததால், தோல் கிழியும் முன்பே ஆறிவிட்டது.