இரண்டு ஸ்கானுக்கும் 6 புள்ளி: பீனிசத்தில் எண்ணிக்கையைப் பார்ப்பதா, வடிகால் வழியைப் பார்ப்பதா?

நாட்பட்ட பீனிசத்துக்கு எடுத்த சீ.டீ. ஸ்கானை இரண்டு விதமாக வாசிக்கலாம். ஒன்று லண்ட்-மெக்கே புள்ளி. ஒவ்வொரு சைனஸும் தெளிவாக இருந்தால் 0, ஓரளவு மங்கியிருந்தால் 1, முழுதும் மங்கியிருந்தால் 2. பல சைனஸ்கள் சேர்ந்து மூக்குக்குள் வடியும் இடமான வடிகால் சந்தி திறந்திருந்தால் 0, அடைபட்டிருந்தால் 2. பக்கத்துக்கு 12, மொத்தம் 24. மற்றது, அடைப்பு எந்த வழியில் என்று பின்தொடர்வது.

ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து இருவர் ஸ்கானோடு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவருக்கு வலது கன்னச் சைனஸ் 2, கண்களுக்கு இடையிலுள்ள எத்மொயிட் சைனஸின் முன்பகுதியான முன் எத்மொயிட் 1, நெற்றிச் சைனஸ் 1, சந்தி 2; இடப்பக்கம் சுத்தம். மொத்தம் 6. இரண்டாமவருக்கு இருபக்கமும் கன்னம், முன் எத்மொயிட், பின் எத்மொயிட் மூன்றிலும் ஒவ்வொரு புள்ளி. சந்திகள் திறந்தே இருக்கின்றன. அவருக்கும் 6.

எண் ஒன்றுதான், நோய் வேறு. முதலாமவரின் மூன்று சைனஸ்களும் நடு மூக்குத் தடத்தில்தான் வடிகின்றன. முகத்துக்கு நேரான கொரோனல் வெட்டில் கன்னச் சைனஸின் துவாரத்திலிருந்து, கொக்கி எலும்புக்கும் எத்மொயிட் குமிழுக்கும் நடுவிலுள்ள ஒடுங்கிய பாதையில் மேலே போனால் கறுப்பாகத் தெரிய வேண்டிய காற்று எங்கே மறைகிறது என்று பிடித்துவிடலாம். ஒருபக்கம் மட்டும் என்றால் அத்தோடு நிறுத்தக் கூடாது. மேல் கடைவாய்ப் பல் வேரைச் சுற்றி எலும்பு கரைந்திருக்கிறதா, நடுவில் வெண்மையான பூஞ்சைத் திரள் உண்டா, சைனஸ் சுவர் அரிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். இரண்டாமவருக்கு வழி அடைபடவில்லை, சளிச்சவ்வே வீங்கியிருக்கிறது. உப்புநீர் கழுவலும் மூக்கு ஸ்டீரொயிட்டும்தான் முதல் வேலை.

நீர்மட்டத்திலும் புள்ளி கைவிடுகிறது: ஓரளவு தடிப்புக்கும் 1, நீர்மட்டத்துக்கும் 1. ஸ்கானில் நோயாளி மல்லாந்து கிடப்பதால் நீர் பின்சுவரில் தேங்கும். ஆகவே குறுக்கு வெட்டில்தான் அது நேர்கோடாகத் தெரியும். கொரோனல் படத்தை மட்டும் பார்த்தால் பின்வெட்டுகள் முழுதும் அடைந்ததுபோல் ஏமாற்றும். தடிப்பு சுவரின் வளைவோடு போகும். நீர்க்கட்டி குவிந்த மேடாக நிற்கும். நேர்கோடும் நீர்க்குமிழிகளும் சேர்ந்தால் நாட்பட்ட நோயின் மேல் புதிய தொற்று வந்திருக்கலாம்.

எந்த முறையானாலும் எடுத்த நாள் முக்கியம். நுவரெலியா மழையில் தடிமன் பிடித்த வாரத்தில் ஸ்கான் எடுத்தால் சைனஸ் மங்கித்தான் தெரியும். 1994இல் வெளியான ஆய்வொன்றில், சாதாரணத் தடிமன் வந்த 31 பேரில் 87 சதவீதத்தினருக்குக் கன்னச் சைனஸில் மாற்றம் இருந்தது. நோய்க்குறியே இல்லாதவர்களுக்கும் 4 புள்ளி அளவில் வருவதுண்டு.

சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஒப்பிடப் புள்ளி நல்லது. அதை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் சத்திரசிகிச்சை வேண்டுமா, எங்கே என்ற கேள்விக்கு வடிகால் வழியை வாசித்த அறிக்கையைத்தான் நம்ப வேண்டும். அறிக்கையில் எண் மட்டும் இருந்தால், எந்தப் பக்கம், சந்தி திறந்திருக்கிறதா என்று எழுதிக் கேளுங்கள்.