கோத்தகிரி பக்கம் மர பெஞ்சு செய்யக் கொடுப்பவர்கள், பணம் கொடுக்கும் முன் பலகை முனையைப் பாருங்கள்

வீட்டு வராந்தாவுக்கு, யூகலிப்டஸ் என்னும் கற்பூர மரப் பலகையில் ஐந்தடி பெஞ்சு ஒன்று செய்யக் கொடுத்தோம். பேசிய தொகை 14,000 ரூபாய். பட்டறையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அங்கே நடந்த வேலையை மட்டும் சொல்கிறேன். இதே வேலையை வேறு பட்டறைகளிலும் செய்கிறார்கள்.

வந்த அன்று பளபளப்பாக இருந்தது. மழை ஓய்ந்து பனிக்காலத்து வறண்ட காற்று தொடங்கியதும், இரு முனைகளிலும் ஒவ்வொரு ஸ்க்ரூவிலிருந்தும் பலகையின் விளிம்பு வரை ஒரு கோடு திறந்தது. கேட்டால், “மலைக்காற்றில் எந்த மரமும் வெடிக்கும் சார்” என்றார் பட்டறைக்காரர். மரம் காய்ந்து வெடிப்பது உண்மைதான். ஆனால் அப்படி வெடித்தால் முனையில் எங்கு வேண்டுமானாலும் வெடிக்கும். ஸ்க்ரூவை மட்டுமே தேடிப் போய் வெடிக்காது. எங்கள் பெஞ்சில் எல்லா வெடிப்பும் ஸ்க்ரூ வழியாகவே போனது. நடுச்சட்டத்தில் இறக்கியிருந்த அதே ஸ்க்ரூக்களைச் சுற்றி ஒரு கீறல்கூட இல்லை.

காரணம் எளியது. துளை போடாமல் மோட்டாரால் ஸ்க்ரூவை இறக்கினால் அது ஆப்பு போல நாரை விலக்கிக்கொண்டு போகிறது. பலகையின் நடுவில் முன்னும் பின்னும் நீளமாக ஓடும் நார் அந்த அழுத்தத்தைத் தாங்குகிறது. முனையில் தாங்க மரமே இல்லை. எங்கள் பெஞ்சில் ஸ்க்ரூவுக்கும் விளிம்புக்கும் இடையே அரை அங்குலம்தான் இருந்தது. போதாததற்குத் தலை பதிவதற்குக் குழியும் வெட்டவில்லை. கூம்பு வடிவத் தலையை மோட்டார் பலத்தால் மரத்துக்குள் இழுத்திருந்தார்கள். அது இரண்டாவது ஆப்பு. விழுந்த கீறலை மரத்தூளும் பசையும் குழைத்து மூடி, மேலே பாலிஷ் போட்டுவிட்டார்கள். அவர்கள் போட்டதோ ஜிப்சம் பலகைக்கான கருப்பு ஸ்க்ரூ. ஈரம் பட்டதும் துருவேறி, கற்பூர மரத்தின் துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து தலையைச் சுற்றிக் கருநீலக் கறை விட்டிருந்தது.

பிறகு வேறொரு ஆசாரியிடம் கொடுத்துச் சரிசெய்தோம். பிளந்த பலகைகளை மாற்றினார். கால் சட்டத்தை உள்ளே தள்ளி, ஸ்க்ரூ விளிம்பிலிருந்து இரண்டங்குலம் தள்ளி விழும்படி செய்தார். 8-ஆம் எண், இரண்டங்குலத் துருப்பிடிக்காத ஸ்க்ரூ. மேல்பலகையில் 4.5 மில்லிமீட்டர் துளை. ஸ்க்ரூ அதில் தடையின்றி இறங்க வேண்டும். அங்கேயும் மரை கடித்தால் பலகையும் சட்டமும் ஒட்டாமல் இடைவெளி நின்றுவிடுமாம். கீழே சட்டத்தில் 3 மில்லிமீட்டர் துளை. ஸ்க்ரூவுக்கு முன்னால் டிரில் பிட்டைப் பிடித்துக் காட்டினார்: நடுத்தண்டு மறைந்து, மரையின் பற்கள் மட்டும் இருபுறமும் தெரிய வேண்டும். துளை அதைவிடச் சிறிதானால் இவ்வளவு கடினமான மரத்தில் ஸ்க்ரூவே முறியும், பெரிதானால் பிடிக்காது. எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பதற்குப் பிட்டில் ஒரு டேப் துண்டைச் சுற்றிக்கொண்டார்.

தலை பதியும் குழியை வெட்டும் கவுண்டர்சிங்க் பிட்டை மெதுவாகத்தான் ஓட்டினார். வேகமாக ஓட்டினால் பிட் அதிர்ந்து, குழியின் வாய் வட்டமாக இல்லாமல் பல மூலைகளோடு வரும். தலை சரியாக உட்காராது. அளவு பார்க்க அவர் செய்தது எனக்கு மிகவும் பிடித்தது. ஸ்க்ரூவைத் தலைகீழாகப் பிடித்துக் குழியின் வாயில் வைத்தார். தலையின் அகலமும் வாயின் அகலமும் ஒன்றானால் போதும். ஒரு மயிரிழை கூடுதலாக இறங்கலாம், அதற்கு மேல் வெட்டினால் மேல்பலகையின் தடிமன்தான் வீணாகிறது. மரையில் கொஞ்சம் மெழுகு தடவி, கடைசிச் சில சுற்றுகளைக் கையால் முடித்தார். மோட்டார் நிற்கத் தெரியாதது என்பது அவர் கட்சி.

நீங்கள் செய்யக் கொடுத்திருந்தால், மீதிப் பணம் கொடுக்கும் முன் முனையில் இருக்கும் ஒவ்வொரு ஸ்க்ரூ மீதும் நகத்தை ஓட்டிப் பாருங்கள். தலை தட்டுப்படக் கூடாது. தலைக்கும் விளிம்புக்கும் நடுவே நிறம் மாறிய மெல்லிய கோடு தெரிந்தால் அது பசை பூசிய கீறல். துணியைத் தண்ணீரில் நனைத்துத் துடைத்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். கீழே குனிந்து பலகையும் சட்டமும் சேரும் இடத்தில் ஒரு விசிட்டிங் கார்டை நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் மேல்துளை போடவில்லை என்று பெரும்பாலும் முடிவு கட்டலாம்.

எங்கள் பட்டறைக்காரர் கடைசி வரை ஒரு ரூபாயும் திருப்பித் தரவில்லை. பாலிஷை மட்டும் இலவசமாக மறுபடி போட்டுத் தருவதாகச் சொன்னார்.