94 சதவீதம் என்றார்கள், 60 பேரில் வேலைக்குப் போனவர்கள் 14 பேர்

பொறியியல் கலந்தாய்வுக்காகக் கல்லூரிப் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, வாசலில் வைத்திருந்த பெரிய பேனரைப் பார்த்து என் மகனை ஒரு தனியார் கல்லூரியில் மெக்கானிக்கல் பிரிவில் சேர்த்தேன். '94 சதவீதம் வேலைவாய்ப்பு' என்று அதில் இருந்தது. இந்த ஆண்டு அவன் வகுப்புக்கும் அதே 94 சதவீதத்தைத்தான் போட்டிருக்கிறார்கள். அது எப்படி வந்தது என்று அவனோடு உட்கார்ந்து பெயர் பெயராக எண்ணிப் பார்த்தேன்.

வகுப்பில் 60 பேர். அரியர் வைத்திருந்த 22 பேரைத் தகுதியில்லை என்று முதலிலேயே கழித்துவிட்டார்கள். மேலும் 4 பேரிடம், 'மேற்படிப்புக்குப் போகிறேன், வளாக நேர்காணல் வேண்டாம்' என்று எழுதி வாங்கினார்கள். அந்த நால்வரில் ஒருவர்கூட மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கவில்லை. மிச்சம் 34 பேர். அவர்களுக்கு வந்த பணி உத்தரவுகள் 32. 34-க்கு 32 என்றால் 94 சதவீதம். கணக்கில் பிழையே இல்லை, அதுதான் எனக்கு ஆறவில்லை.

அந்த 32-ம் ஆட்களின் எண்ணிக்கை அல்ல, கடிதங்களின் எண்ணிக்கை. 5 பேருக்கு இரண்டிரண்டு கடிதங்கள். பேனரில் ஒரே பையனின் படம் நீலச் சட்டையில் ஒரு நிறுவனத்தின் கீழும், வெள்ளைச் சட்டையில் இன்னொன்றின் கீழும் இருக்கிறது. ஆக, ஆட்கள் 27 பேர்தான். அதில் 13 பேருக்கு வீட்டுக்கடன் விற்கும் ஒரே நிறுவனம் கடிதம் கொடுத்தது. சேர வேண்டிய தேதி அதில் இல்லை, இன்றுவரை அழைப்பும் வரவில்லை. என் மகன் அந்த 13 பேரில் ஒருவன்.

அன்று எனக்குத் தெரியாமல் போன ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள், தாங்கள் கொடுத்த விவரத்தைத் தங்கள் இணையதளத்திலும் வைக்க வேண்டும். அதில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், உரிய காலத்தில் எத்தனை பேர் பட்டம் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, எத்தனை பேர் மேற்படிப்பு என்று ஆண்டுவாரியாக இருக்கும். வேலை பெற்றவர்களின் எண்ணிக்கையை, கல்லூரியில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். சம்பளத்தில் இடைநிலைத் தொகையைப் பாருங்கள். அது சம்பளங்களை வரிசையாக அடுக்கினால் நடுவில் வருவது. யாரோ ஒருவர் வாங்கிய அதிகபட்சச் சம்பளம் அதை உயர்த்திக் காட்ட முடியாது.

ஆனால் இது கல்லூரி தானே கொடுக்கும் விவரம். எல்லாப் பிரிவுகளையும் சேர்த்துத்தான் இருக்கும், மெக்கானிக்கலின் நிலை தனியாகத் தெரியாது. அதனால் அதோடு அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் தேர்ச்சி விழுக்காட்டையும் பாருங்கள். தேர்ச்சி குறைவாக உள்ள கல்லூரி 90-க்கு மேல் வேலைவாய்ப்பு காட்டினால், அரியர்காரர்களைக் கழித்திருக்கிறார்கள் என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

பிறகு அதே பிரிவில் போன ஆண்டு முடித்த நான்கைந்து பேரை நீங்களே தேடிப் பிடியுங்கள், கல்லூரி காட்டும் ஆட்களை வேண்டாம். 'வேலை கிடைத்ததா' என்று கேட்காதீர்கள். 'எந்தத் தேதியில் சேர்ந்தாய், முதல் மாதம் கையில் எவ்வளவு வந்தது' என்று கேளுங்கள். சேர்க்கைக்கு முன் என் மகனின் சீனியர் ஒருவரிடம் இதைக் கேட்டிருந்தால், அவர்கள் வகுப்புக்கும் அதே வீட்டுக்கடன் நிறுவனம்தான் வந்தது என்று அன்றே தெரிந்திருக்கும்.