பால்கனி சீரியல் லைட்: இரண்டு மழைக்காலம் பார்த்த பிறகு

தேவகோட்டையில் இருக்கும் அத்தை மகன் போன வாரம் போனில் கேட்டான்: "அண்ணே, பால்கனிக்கு சீரியல் லைட் வாங்கணும். சோலாரா, பிளக்கா?" இரண்டையும் இரண்டு வருடமாக வைத்திருக்கிறேன் என்று அவனுக்குத் தெரியும்.

வெளிச்சம் என்றால் பிளக் லைட்தான். எங்கள் காரைக்குடி வீட்டு மாடியில் ஆத்தங்குடித் தரை மேல் அந்த மஞ்சள் ஒளி விழுவதைப் பார்க்கவே அங்கே போய் உட்காருவேன். ஆனால் முதல் ஐப்பசி மழையில் வீடே இருட்டானது. மழை வலுத்தால், மின்கசிவு வந்ததும் கரண்டைத் துண்டிக்கும் ட்ரிப்பர் விழும், மறுநாள் வெயில் ஏறினால் ஒன்றுமே நடக்காதது போல நிற்கும். பழைய வயரிங்தான் காரணம் என்று முழு வீட்டுக்கும் வயர் மாற்றத் தயாராகிவிட்டோம்.

எலக்ட்ரீசியன் ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கி, ட்ரிப்பரைத் தூக்கிப் பார்த்தார். பால்கனி பிளக்கை எடுத்ததும் அது விழாமல் நின்றது. தரையில் கிடந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் திறந்தால் பித்தளையெல்லாம் பச்சைக் களிம்பு.

லைட் அட்டையில், தண்ணீர் புகாது என்பதைக் காட்டும் IP65 குறியீடு போட்டிருந்தது. அது பல்பு சரத்துக்கு மட்டும். அதன் பிளக்கும், மினுக்குவதற்கான சின்னப் பெட்டியும், என் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் மழை தாங்குபவை அல்ல. வயர் தாழ்வாரத்திலிருந்து நேராக பாக்ஸுக்குள் இறங்கியதால், மழைநீரும் வயரைப் பிடித்துக்கொண்டே உள்ளே போயிருக்கிறது. இதை அட்டையில் தெளிவாகச் சொல்லாதது எனக்கு இன்னும் கோபம்தான்.

இப்போது எர்த் உள்ள புது மூன்று பின் பாக்ஸ், அறைக்குள் சுவரில் இடுப்பு உயரத்தில் இருக்கிறது. மினுக்குப் பெட்டியும் உள்ளேதான். ஜன்னல் கதவு வயரை நசுக்காதபடி சட்டத்தில் சின்னக் காடி வெட்டினோம். வெளியே வயர் அந்தக் காடிக்குக் கீழே ஒரு சாண் தொங்கி, பிறகு மேலேறி நுழைகிறது. தண்ணீர் அந்தத் தொங்கலின் அடியிலேயே சொட்டிவிடும். டேப் சுற்றினால் போதாதா என்று கேட்காதீர்கள், உள்ளே போன ஈரத்தை அது வெளியே விடாது. போன மழைக்காலத்தில் ட்ரிப்பர் ஒரு முறைகூட விழவில்லை.

சோலார் மங்கல். கார்த்திகையில் மேகம் மூடினால் ஒன்பது மணிக்கே அணைந்துவிடும். ஒன்றரை வருடத்தில் பேட்டரி போனது, அதே 1.2 வோல்ட் ரீசார்ஜ் பேட்டரிதான் போட வேண்டும், கடிகாரத்துக்குப் போடும் சாதா செல் போட்டால் ஒழுகிக் கெட்டுவிடும். தாழ்வார நிழலில் இருந்த தகட்டைத் தெற்குப் பார்த்து வெயிலுக்கு மாற்றிய பிறகு கொஞ்சம் தேவலை.

இவ்வளவையும் சொல்லிவிட்டு அவனை சோலாரையே வாங்கச் சொன்னேன். அவன் பிள்ளைகள் ஈரத்தரையில் வெறுங்காலோடு ஓடுவார்கள். எல்லாம் சரிசெய்த பிறகும், மழைச் சத்தம் கேட்டால் நான் எழுந்துபோய் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் படுக்கிறேன்.