வவுனியாவில் போர்டிங் வாழ்க்கை: மூன்று வருடக் கணக்கு

குருமன்காட்டுப் பக்கம் கரண்ட் கம்பங்களில் மறுபடியும் நோட்டீஸ் ஒட்டத் தொடங்கிவிட்டார்கள். “பல்கலைக்கழக மாணவிகளுக்கு அறை உண்டு. மூன்று நேரச் சாப்பாடு, தண்ணீர், கரண்ட் வசதியுடன். அமைதியான சூழல்.” 2021 நவம்பரில் இதே மாதிரி ஒரு நோட்டீஸைப் பார்த்துத்தான் நானும் ஒரு வீட்டுக்குப் போனேன். முதல் வருடம் விடுதி கிடைத்திருந்தது, இரண்டாம் வருடம் கிடைக்கவில்லை. 2024 டிசம்பரில்தான் அந்த வீட்டை விட்டு வெளிக்கிட்டேன். புதிதாக வருகிறவர்கள் அந்த நோட்டீஸை எப்படிப் படிக்க வேண்டும் என்பதை எழுதுகிறேன்.

முதலில் அந்த மூன்று நேரச் சாப்பாடு. வகுப்பு பம்பைமடுவில், வீடு டவுணில். காலையில் மன்னார் வீதி பஸ்ஸைப் பிடித்துப் போனால் திரும்பி வரப் பின்னேரமாகிவிடும். அப்படியென்றால் மதியச் சாப்பாடு என்பது காலை ஆறரைக்குக் கட்டித் தருகிற பார்சல்தான். சுடச்சுடச் சோற்றைப் போட்டு, மேலே தேங்காய்ப்பால் விட்ட கறியை ஊற்றி, லஞ்ச் சீற்றில் இறுக்கிக் கட்டி, அதைப் பையில் புத்தகங்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு போனால், வன்னி வெயிலில் பன்னிரண்டரைக்குத் திறக்கும்போதே வாசம் மாறியிருக்கும். சோற்றை விரலால் எடுத்தால் நூல் மாதிரி இழுபடும். முதல் மாதத்தில் எத்தனை பார்சல் நாய்களுக்குப் போனது என்று எண்ணவில்லை. இரண்டாம் மாதம் மதியத்தை வெட்டிவிட்டேன். காலையும் இரவும் வீட்டில், மதியம் கன்ரீனில். இதை வருகிற அன்றே சொல்லிவிடுங்கள், மூன்று நேரத்துக்கு ஒத்துக்கொண்டுவிட்டுப் பிறகு குறைப்பது சங்கடம்.

அப்புறம் மாதக் கட்டணமா, நேரக் கணக்கா என்ற கேள்வி. நான் போன நேரம் இரண்டு நேரச் சாப்பாட்டுக்கு மாதம் 8000 ரூபாய் கேட்டார்கள். பெருக்கிப் பார்த்தேன், 60 நேரம், ஒரு நேரம் 133 ரூபாய். மலிவுதான். ஆனால் என் ஊர் முள்ளியவளை. வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் முல்லைத்தீவு பஸ் ஏறிவிடுவேன், திங்கள் காலை ஊரிலிருந்து நேரே பம்பைமடுவுக்குத்தான். திங்கள் இரவிலிருந்து வெள்ளி காலை வரை எண்ணினால் கிழமைக்கு எட்டு நேரம்தான் அங்கே சாப்பிட்டேன். மாதத்துக்கு 34 நேரம். அப்போது ஒரு நேரத்தின் விலை 235 ரூபாய். அந்த நேரத்தில் கடையில் புட்டும் கறியும் அதைவிடக் குறைவு. அப்போது மகாபொல உதவித்தொகை 5000 ரூபாயில் வாழ்ந்தவளுக்கு இது சின்னக் கணக்கு இல்லை.

வீட்டுக்கார அன்ரியிடம் கேட்டபோது, “பிள்ளை, நீ சாப்பிட்டாலும் சாப்பிடாட்டிலும் உலை ஒண்டுதானே” என்றார். அவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. நான்கு பேருக்கு மா குழைத்து இடியப்பம் பிழிந்து வைத்த பிறகு இரண்டு பேர் வராவிட்டால் நட்டம் அவருக்குத்தான். “முதல் நாளே சொல்லிப்போட்டுப் போனா மா மிஞ்சாதெல்லோ அன்ரி?” என்று கேட்டேன். யோசித்தார். கடைசியில் குசினிக் கதவில் ஒரு கொப்பி தொங்கியது. அடுத்த நாள் சாப்பாடு வேண்டுமென்றால் இரவு ஏழுக்கு முன் பெயருக்கு நேரே சரி போட வேண்டும். போட்டுவிட்டுச் சாப்பிடாவிட்டாலும் காசு. காலை 150, இரவு 170 என்று பேசினோம். ஒரு நேரத்துக்கு விலை கூடத்தான், ஆனாலும் என் 34 நேரத்துக்கு 5440 ரூபாய்தான் வந்தது. ஒவ்வொரு சனி ஞாயிறும் அங்கேயே நிற்கிறவர்களுக்கு மாதக் கட்டணமே லாபம். என் அறைத்தோழி மன்னார்ப் பிள்ளை, பரீட்சைக் காலத்தில் மட்டும் மாதக் கட்டணத்துக்கு மாறிக்கொள்வாள்.

அவளுக்கு இருந்த பிரச்சினை வேறு. அந்த வீட்டில் செவ்வாயும் வெள்ளியும் மரக்கறி. கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் மரக்கறி. அதை நோட்டீஸில் யாரும் போடுவதில்லை. மீன் இல்லாமல் சோறு இறங்காத பிள்ளை முதல் கிழமையே முட்டை அவித்துப் பிடிபட்டாள். அறையில் ஹீற்றர், ரைஸ் குக்கர் கூடாது என்ற சட்டம் அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியவந்தது.

2022 எல்லாக் கணக்கையும் குழப்பியது. காஸ் இல்லை, அன்ரி விறகுக்கு மாறினார். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. மா விலை ஏறியதில் காலைச் சாப்பாடும் ஏறியது. அதை யாரும் குறை சொல்ல முடியாது. சண்டை வந்தது வாடகையில். டீசல் இல்லாமல் வகுப்புகள் ஒன்லைனுக்குப் போனபோது நாங்கள் ஊரில் இருந்தோம், அதற்கும் முழு வாடகை கேட்டார்கள். சாமான் அறையில்தானே இருக்கிறது என்பது அவர்கள் வாதம். பேசிப் பேசிப் பாதிக்கு வந்தோம். வகுப்பு நிற்கிற மாதங்களுக்கு வாடகை எவ்வளவு என்று முற்பணம் கொடுக்கும் முன்னே கேளுங்கள். நீண்ட விடுமுறை ஒவ்வொரு வருடமும் வரும்.

“கரண்ட் வசதியுடன்” என்றால் கரண்ட் பில் சேர்த்து என்று நினைக்காதீர்கள், வயர் இழுத்திருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். எங்கள் அறைக்குச் சப் மீற்றர் இருந்தது. வீட்டுப் பாவனைக்கான கட்டணம் படிப்படியாக ஏறுவது. மொத்த அலகு கூடக் கூட அலகின் விலையும் மாதாந்த நிலையான கட்டணமும் ஏறும். வீட்டுக்காரர் மேல்படி விலையை எங்கள் அலகுகளுக்கு மட்டும் போட்டார். எங்களால்தான் பில் மேல்படிக்கு ஏறியது என்றார். அது பாதி உண்மை, அவர்கள் வீட்டுப் பிரிட்ஜும் தண்ணீர் மோட்டரும் சேர்ந்துதான் ஏற்றின. மொத்தப் பில்லை மொத்த அலகால் பிரித்து, எங்கள் அலகால் பெருக்குவது என்று முடிவானது. 2023 பெப்ரவரியில் கட்டணம் கூடியபோதும் இந்த முறையால் வாய்த்தர்க்கம் வரவில்லை. சப் மீற்றர் இல்லாத வீடென்றால் தலைக்கு இவ்வளவு என்று பேசிவிடுங்கள்.

தண்ணீர் கிணற்றுத் தண்ணீர். கேத்திலின் அடியில் ஒரு மாதத்தில் வெள்ளைப் படை கட்டிவிடும். இந்தப் பக்கம் சிறுநீரக நோய் இருக்கிற இடம் என்பதால் குடிக்க நாங்கள் வடிகட்டிய தண்ணீர்தான் வாங்கினோம், அது எங்கள் செலவு.

கேற் ஆறரைக்குப் பூட்டு. செய்முறை வகுப்பு ஐந்துக்கு முடிந்து பஸ் கிடைக்கப் பிந்தினால் இருட்டிவிடும். இரண்டு தடவை வெளியே நின்றோம், ஒரு தடவை மழையில். பிறகு நேர அட்டவணையைக் கொண்டுபோய் அன்ரியிடம் கொடுத்தேன். செய்முறை நாட்களில் ஏழேகால் வரை என்று மாற்றினார். சண்டை பிடித்திருந்தால் அது நடந்திருக்காது.

போகும்போது மூன்று மாத முற்பணத்தில் பெயின்ற் அடிக்க என்று ஒரு தொகையைக் கழித்தார்கள். சுவரில் இருந்த ஆணி ஓட்டைகளில் பாதி நான் வரும்போதே இருந்தவை, ஆனால் என்னிடம் போட்டோ இல்லை. எனக்குப் பின் வந்த பிள்ளை முதல் நாளே நாலு சுவரையும் போனில் எடுத்து அன்ரியின் வட்ஸ்அப்புக்கே அனுப்பிவிட்டாள். ஜன்னலோரக் கட்டில் வேண்டாம், காலை வெயில் முகத்தில் அடிக்கும் என்று மட்டும் அவளுக்குச் சொல்லிவிட்டு வந்தேன்.